பேபேக்கா, ஆர்.ஓ.ஐ.யா? ஒரு லேத் பட்டறைக் கணக்கு

கோவையில் எனக்கு ஒரு சின்ன ஜாப் ஒர்க் பட்டறை இருக்கிறது. மோனோபிளாக் பம்புகளுக்கான ஷாஃப்ட், புஷ், கவர் என்று கடைசல் வேலைகள்தான் பிழைப்பு. 2016 முதல் 2018 வரை இரண்டு மெஷின்கள் வாங்கினேன். ஒன்றை வாங்கும்போது பேபேக் கணக்கைத்தான் நம்பியிருக்க வேண்டும், நான் ஆர்.ஓ.ஐ.யைப் பார்த்து மகிழ்ந்தேன். மற்றொன்றில் நேர்மாறு: பேபேக்கைப் பார்த்து மிரண்டு, வாங்காமலே விட்டிருப்பேன். அந்த இரண்டு கணக்குகளையும் எண்களோடு எழுதிவைக்கிறேன். எண்கள் என் பட்டறையின் எண்கள். உங்கள் ரேட்டும் கூலியும் வேறாக இருக்கும்.

முதலில் வாங்கியது ஒரு எஸ்.பி.எம். ஒரே ஒரு வேலைக்கென்று செய்யப்படும் மெஷின். எங்கள் பெரிய வாடிக்கையாளருக்கு மாதம் 8,000 ஷாஃப்ட் கொடுத்துக்கொண்டிருந்தோம். அதில் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் உட்காரும் பக்கம் கீவே என்ற நீளப் பள்ளம் வெட்ட வேண்டும். அதை வெளியே கொடுத்து வாங்கினோம், ஷாஃப்டுக்கு 5 ரூபாய். மாதம் 40,000 ரூபாய் வெளியே போனது. கீவே வெட்ட மட்டும் ஒரு எஸ்.பி.எம். செய்து தர 4.5 லட்சம் கேட்டார்கள். சொந்தமாக வெட்டினால் ஆள், கரண்ட், கட்டர் எல்லாம் சேர்த்து மாதம் 15,000 ஆகும். மிச்சம் 25,000.

பேபேக் என்பது போட்ட பணம் எத்தனை மாதத்தில் கைக்குத் திரும்பும் என்ற கணக்கு. 4.5 லட்சத்தை 25,000ஆல் வகுத்தால் 18 மாதம். ஆர்.ஓ.ஐ. என்பது போட்ட பணத்துக்கு வருடம் எத்தனை சதவீதம் வருகிறது என்ற கணக்கு. வருடம் 3 லட்சம் மிச்சம், போட்டது 4.5 லட்சம், ஆக 67 சதவீதம். மெஷின் ஐந்து வருடம் உழைக்கும் என்று வைத்து, தேய்மானமாக வருடம் 90,000 கழித்தாலும் 47 சதவீதம் வந்தது. வங்கியில் போட்டால் ஏழு, ஏழரை சதவீதம் கிடைத்த நேரத்தில் 47 என்றால் யாருக்குத்தான் கை பரபரக்காது? 2016 ஜனவரியில் மெஷின் பட்டறைக்கு வந்தது.

அந்த நவம்பரில் பணமதிப்பிழப்பு. இரண்டு மூன்று மாதம் பம்ப் விற்பனை படுத்துவிட்டது, எங்களுக்கு வரும் எண்ணிக்கையும் குறைந்தது. 18 மாதத்தில் திரும்ப வேண்டிய பணம் 20ஆவது மாதத்தில் திரும்பியது. அதுவரை சரி. 24ஆவது மாதம் வாடிக்கையாளரின் டிசைன் பிரிவிலிருந்து புது டிராயிங் வந்தது. அந்த மாடலுக்கு இம்பெல்லரை பிளாஸ்டிக்குக்கு மாற்றிவிட்டார்கள். ஷாஃப்டில் கீவே வேண்டாம், பக்கத்தில் தட்டையாகச் சீவினால் போதும். எங்கள் எஸ்.பி.எம்.முக்கு அந்த நாளோடு வேலை முடிந்தது. வேறு யாருக்காவது கீவே வெட்டித் தரலாமென்று ஆறு மாதம் அலைந்தேன். கிடைத்த வேலைகளில் ஷாஃப்ட் நீளம் வேறு, கீவே அகலம் வேறு. ஷாஃப்டைப் பிடித்துவைக்கும் ஃபிக்சரை மாற்றவே 80,000 ஆகும் என்றார்கள். கடைசியில் 60,000 ரூபாய்க்கு விற்றேன்.

நிஜமாக என்ன கிடைத்தது? 24 மாதத்தில் மிச்சம் 5.5 லட்சம், விற்றது 60,000, மொத்தம் 6.1 லட்சம். போட்ட 4.5 லட்சம் போக 1.6 லட்சம். வருடத்துக்கு 80,000. அதாவது 47 என்று எழுதிவைத்த ஆர்.ஓ.ஐ. நிஜத்தில் 18 சதவீதத்துக்குள் முடிந்தது. கணக்கில் கூட்டல் கழித்தல் பிழை எதுவும் இல்லை. ஐந்து வருடம் என்று நான் எழுதிய ஒரு வார்த்தைதான் பிழை. மெஷின் ஐந்து வருடம் உழைக்குமா என்று மட்டும் யோசித்தேன். வேலை ஐந்து வருடம் இருக்குமா என்று யோசிக்கவில்லை.

இதே இடத்தில் பேபேக் என்னைக் கைவிடவில்லை. 18 மாதம் என்ற எண்ணின் பக்கத்தில் இன்னொரு எண்ணை வைத்துப் பார்த்திருக்க வேண்டும்: இந்த டிராயிங் இன்னும் எத்தனை மாதம் மாறாமல் இருக்கும்? வாடிக்கையாளரின் பர்ச்சேஸ் ஆபீசரைக் கேட்டிருந்தால் "தொடர்ந்து வருமுங்க" என்றுதான் சொல்லியிருப்பார், அவருக்கும் தெரியாது. அவர்களுடைய பழைய மாடல்களைப் பார்த்தால் ஓரளவு தெரிந்திருக்கும். எங்கள் ஃபைலிலேயே ஆறு வருட டிராயிங்குகள் இருந்தன. இரண்டு இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை ஷாஃப்ட் மாறியிருந்தது. 18 மாத பேபேக், 24 முதல் 30 மாத ஆயுள். வாங்கலாம், ஆனால் இடைவெளி ரொம்பக் குறுகல். அப்படிப் பார்த்திருந்தால் ஃபிக்சரையாவது மாற்றிப் பொருத்தும்படி செய்யச் சொல்லியிருப்பேன். இன்னும் 40,000 ஆகியிருக்கும், அவ்வளவுதான். ஒரே வேலைக்கான மெஷினில் ஆர்.ஓ.ஐ.யை நான் இப்போது போட்டுக்கூடப் பார்ப்பதில்லை.

இனி இரண்டாவது மெஷின். எங்களிடம் ஏற்கெனவே, கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் ஒரு சி.என்.சி. லேத் இருந்தது. 2018 தொடக்கத்தில் வேலையைத் திருப்பி அனுப்ப வேண்டிய நிலை. இன்னொன்று வாங்கலாமா என்று விசாரித்தபோது விற்பனைப் பிரதிநிதி ஒரு தாளில் கணக்கு எழுதிக் கொடுத்தார். ஒரு நாளைக்கு 20 மணி நேரம், மாதம் 26 நாள், மணிக்கு 400 ரூபாய், மொத்தம் 2,08,000. ஆபரேட்டர் கூலி 36,000, கரண்ட் 24,000 போக 1,48,000. மெஷின் விலை 19.2 லட்சம். பேபேக் 13 மாதம்! தாளின் அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருந்தார்.

இந்தத் தாளில் பொய் என்று எதுவும் இல்லை, விட்டுப்போனவைதான் அதிகம். தேயத் தேய மாற்ற வேண்டிய வெட்டும் முனையான இன்சர்ட்டின் செலவு இல்லை. கூலன்ட், ஆயில், பழுது இல்லை. செட்டிங் நேரம் இல்லை. மெஷின் விலை மட்டும் இருக்கிறது, மெஷினை ஓட வைக்கும் செலவு இல்லை. ஸ்டெபிலைசர், அடித்தளம், கம்ப்ரஸர், டூல் ஹோல்டர், பீஸைக் கவ்விப் பிடிக்கும் ஜா, கேஜ், கிரேன் வாடகை எல்லாம் சேர்த்து எனக்கு 2.4 லட்சம் வந்தது. ஆக முதலீடு 21.6 லட்சம். இதற்கு மேல் மெஷினுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், கிட்டத்தட்ட 3.5 லட்சம். இன்புட் கிரெடிட்டாகத் திரும்பி வரும் என்பதால் அதை முதலீட்டில் சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் முதல் நாளே கையிலிருந்து போக வேண்டிய பணம் அது. நான் எழுதும் பில்களில் கழித்துத் தீர்க்க ஒன்பது மாதம் ஆனது. அந்த ஒன்பது மாதமும் வீட்டு நகை அடகில் இருந்தது.

எல்லாவற்றையும் விட மணிக்கணக்குதான் முக்கியம். 20 மணி என்று அவர் எழுதியதை வெட்டிவிட்டு எத்தனை என்று எழுதுவது? இதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை, பழைய மெஷினே சொல்லும். ஃபேனக் கன்ட்ரோலில் SETTING பக்கத்தில் POWER ON, OPERATING TIME, CUTTING TIME, PARTS COUNT என்று வரிகள் இருக்கும். POWER ON என்பது மெஷின் ஆன் ஆகியிருந்த நேரம். OPERATING TIME என்பது புரோகிராம் உண்மையில் ஓடிய நேரம். சனிக்கிழமை தோறும் அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்து, போன வார எண்ணைக் கழித்து எழுதிவந்தேன். இரண்டு ஷிப்டில் மாதம் 400 மணி POWER ON காட்டியது. OPERATING TIME 235 மணிதான். மாதம் 5,400 பீஸ் ஓடியது. ஒரு பீஸை மாட்டிக் கழற்ற 30 விநாடி என்றால் அதில் 45 மணி, அதற்கும் ரேட்டில் காசு வாங்குகிறோம். ஆக 280 மணி. வேலை நிரம்பி வழிந்த மாதத்திலேயே இவ்வளவுதான். மீதி 120 மணி செட்டிங், முதல் பீஸ் சோதனை, மெட்டீரியலுக்குக் காத்திருப்பு, டீ, பவர்கட் என்று போயிருந்தது. இரண்டு ஷிப்ட் ஓட்டியே இந்த நிலை என்றால் 520 மணி நேரத்தை எங்கே தேடுவது?

அப்புறம் ரேட். 400 எல்லா வேலைக்கும் கிடைக்காது. என் பில்களைப் பார்த்து 380 என்று வைத்தேன். இன்சர்ட், கரண்ட், கூலன்ட், பழுது ஆகியவை ஓடும் நேரத்தோடு ஏறி இறங்கும் செலவுகள். மணிக்கு 108 முதல் 109 ரூபாய் ஆனது. ஆக ஓடும் ஒவ்வொரு மணிக்கும் கையில் நிற்பது 271 ரூபாய். ஆள் செலவு மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் உண்டு. பழைய மெஷின் ஆபரேட்டரே இரண்டையும் பார்க்கும்படி எதிரெதிராக வைத்தால், கூடுதலாக ஆகும் கூலி 22,000. 280 மணிக்கு 76,000, அதில் 22,000 போனால் 54,000. முதலீடு 21.6 லட்சத்துக்கு பேபேக் 40 மாதம்.

13 மாதம் என்று கேட்ட காதுக்கு 40 மாதம் என்பது எப்படி இருக்கும்? வீட்டில் சொன்னபோது, "அந்தச் சின்ன மெஷினே ஒன்றரை வருஷத்துல எடுத்துடலாம்னீங்க, இது மூணு வருஷத்துக்கு மேலயா?" என்று மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. பேபேக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்த எஸ்.பி.எம். நல்ல மெஷின், சி.என்.சி. மோசமான மெஷின். ஆனால் 40ஆவது மாதத்துக்குப் பிறகு என்ன நடக்கும் என்பதை பேபேக் சொல்வதே இல்லை. சி.என்.சி. லேத்தை ஒழுங்காக வைத்துக்கொண்டால் பத்து வருடம் ஓட்டலாம். ஷாஃப்ட் டிராயிங் மாறினால் புரோகிராமை மாற்றினால் போதும். ஒரு வாடிக்கையாளர் போனாலும் இன்னொருவரின் புஷ் ஓட்டலாம். வேலைக்கும் மெஷினுக்கும் முடிச்சு இல்லாத இடத்தில்தான் ஆர்.ஓ.ஐ.க்கு அர்த்தம் வருகிறது.

ஆனால் எந்த ஆர்.ஓ.ஐ.? இதில்தான் நான் நன்றாகக் குழம்பினேன். நான் போட்டது: வருடம் 6.48 லட்சத்தை 21.6 லட்சத்தால் வகுத்து 30 சதவீதம். ஆடிட்டர் சிரித்தார். "தேய்மானத்தைக் கழிக்காம லாபம்னு எப்படிச் சொல்றீங்க? பத்து வருஷம் கழிச்சு மெஷின் பழசாயிடுமில்ல?" பத்து வருடம் கழித்து 3.6 லட்சத்துக்கு விற்கலாம் என்று வைத்து, வருடம் 1.8 லட்சம் தேய்மானம் கழித்தார். 4.68 லட்சம், 22 சதவீதம் சுமார். வங்கிக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதித் தந்தவர் அதே 4.68 லட்சத்தை எடுத்து, முதலீட்டின் சராசரியால் வகுத்திருந்தார். தொடக்கத்தில் 21.6, முடிவில் 3.6, சராசரி 12.6 லட்சம். அவருடைய ஆர்.ஓ.ஐ. 37 சதவீதம். ஒரே மெஷின், ஒரே வருமானம், 22, 30, 37 என்று மூன்று விடை. மூன்றுமே புத்தகங்களில் இருக்கும் முறைகள்தான். அதனால் யாராவது ஆர்.ஓ.ஐ. 40 சதவீதம் என்றால், தேய்மானம் கழித்ததா, எதால் வகுத்தது என்று இரண்டு கேள்வி கேட்காமல் நான் மேலே பேசுவதில்லை. இரண்டு மெஷின்களை ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே முறையைப் போட வேண்டும். நான் ஆடிட்டர் முறையையே வைத்துக்கொண்டேன், அதில்தான் எண் சிறியதாக வருகிறது.

22 சதவீதம் என்பது 11 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கிப் போட்டாலும் தாங்கும் எண். அதனால் வாங்க முடிவு செய்தேன். ஆனால் அந்த 22, பத்து வருடத்தின் சராசரி. அடுத்த மாதம் ஐந்தாம் தேதி வரும் தவணைக்கு அது உதவாது. அங்கே மறுபடியும் பேபேக்தான் வழிகாட்டியது.

16 லட்சம் கடன், 11 சதவீத வட்டி. மூன்று வருடத்தில் கட்டினால் வட்டி குறைவு என்று முதலில் அதைத்தான் கேட்டேன். தவணை 52,400 வந்தது. நல்ல மாதத்திலேயே கையில் நிற்பது 54,000. பேபேக் 40 மாதமாக இருக்கும் மெஷினுக்கு 36 மாதக் கடன் வாங்கினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். சொந்தப் பணம் 5.6 லட்சம் போட்டதால்தான் கணக்கு மயிரிழையில் நிற்கிறது. ஒரு மாதம் ஆபரேட்டர் ஊருக்குப் போனாலும் தவணைக்குக் கைமாற்று தேட வேண்டும். ஐந்து வருடத்துக்குத் தவணை 34,800. மொத்த வட்டி 4.87 லட்சம். அதையும் முதலீட்டோடு கூட்டிப் பார்த்தால் பேபேக் 49 மாதம் ஆகிறது. 60 மாதக் கடன், 49 மாத பேபேக். மூச்சு விட இடம் இருந்தது.

அன்று போட்ட இன்னொரு சின்னக் கணக்கு பிறகு எல்லாவற்றையும் விடப் பயன்பட்டது. தவணை 34,800, ஆள் கூலி 22,000, இரண்டும் சேர்ந்து 56,800. மணிக்கு 271 ரூபாயால் வகுத்தால் 210 மணி. மாதம் 210 மணி ஓடினால் மெஷின் தன் தவணையைத் தானே கட்டும். கம்ப்ரஸர் அறைக் கதவில் சாக்பீஸால் 210 என்று எழுதிவைத்தேன். பையன்கள் அதை ஏதோ லாட்டரி நம்பர் என்று கிண்டல் செய்தார்கள்.

2018 ஜூனில் மெஷின் வந்தது. முதல் நான்கு மாதம் 140 மணியைத் தாண்டவில்லை. புது ஜாப் ஒவ்வொன்றுக்கும் ஜா போரிங், புரோகிராம், முதல் பீஸை வாடிக்கையாளரிடம் காட்டி ஒப்புதல் வாங்குவது என்று நாட்கள் போயின. ஒரே ஆள் இரண்டு மெஷினைப் பார்ப்பது காகிதத்தில் சுலபம். இரண்டு மெஷினும் ஒரே நேரத்தில் நின்று அவரைக் கூப்பிடும்போது ஒன்று காத்திருக்கத்தான் வேண்டும். சைக்கிள் நேரங்கள் ஒன்றுக்கொன்று இடைவெளி விடும்படி ஜாப்களைப் பிரித்துப் போட்ட பிறகுதான் சரியானது. மணி பாதியானால் மிச்சமும் பாதியாகும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. 140 மணிக்கு 38,000, கூலி போக 16,000தான். பாதி மணிக்கு வருமானம் மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. மாதம் 18,800 கையிலிருந்து போட்டுத் தவணை கட்டினேன், நான்கு மாதத்தில் 75,000. அதே வேகத்தில் போயிருந்தால் பேபேக் 11 வருடம். மெஷின் அதே மெஷின்தான்.

இதனால் மூன்று மணிக்கணக்குக்கு பேபேக் போடாமல் இப்போது எந்தத் தாளையும் நான் கையில் எடுப்பதில்லை. 280 மணிக்கு 40 மாதம். 220 மணிக்கு 57 மாதம். 140க்கு 11 வருடம். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் ஆர்.ஓ.ஐ. 22ஆ 23ஆ என்ற விவாதம் தானாக அடங்கிவிடும்.

ஐந்தாவது மாதத்திலிருந்து 230, 250 என்று ஏறி, 2019இல் சில மாதம் 290கூடத் தொட்டது. பிறகு 2020 மார்ச் ஊரடங்கு. இரண்டு மாதத்துக்கு மேல் மெஷின் மேல் தார்ப்பாய் கிடந்தது. ரிசர்வ் வங்கி அறிவித்த தவணை நிறுத்தத்தை ஆறு மாதமும் எடுத்துக்கொண்டேன். நின்ற மாதங்களுக்கும் வட்டி ஓடியது, அது அசலில் ஏறிக் கடைசியில் தவணைகள் நீண்டன. வட்டியோடு சேர்த்து 49 மாதத்தில் திரும்ப வேண்டிய பணம் 2023 ஜனவரியில், 55 மாதத்தில் திரும்பியது. மூன்று வருடக் கடனாக வாங்கியிருந்தால் அந்த ஊரடங்கில் மெஷினை விற்றுத்தான் தவணை கட்டியிருப்பேன்.

இப்போது அந்த மெஷினுக்குக் கடன் இல்லை. ஸ்பிண்டில் பேரிங் ஒருமுறை மாற்றினோம், 70,000 ஆனது. தேய்மானம் என்று ஆடிட்டர் எழுதியது அப்போதுதான் எனக்கு ரூபாயாகத் தெரிந்தது. மற்றபடி ஓடும் மணிக்கெல்லாம் வரும் பணம் பட்டறையிலேயே நிற்கிறது.

போன மாதம் அக்கா மகன் ஒரு தாளோடு வந்தான். அவனும் ஒற்றை சி.என்.சி. வைத்துப் பட்டறை நடத்துகிறான், இரண்டாவது வாங்க வேண்டுமாம். "மாமா, பேபேக் ரெண்டு வருஷம், ஆர்.ஓ.ஐ. அம்பது. பேங்க்லயும் பேசிட்டேன்." தாளில் மாதம் 400 மணி என்று இருந்தது. இருக்கிற மெஷினின் SETTING பக்கத்தை நான்கு சனிக்கிழமை படம் எடுத்து அனுப்பு, மற்றதைப் பிறகு பேசலாம் என்றேன். முகம் சுருங்கியது, ஆனாலும் அனுப்பினான். பீஸ் மாட்டும் நேரத்தையும் சேர்த்து அந்த மாதம் 171 மணி. இரவு ஷிப்டுக்கு ஆள் கிடைக்காததால் மெஷின் பாதி நேரம் சும்மா நிற்கிறது. முதலில் ஒரு ஆபரேட்டருக்குத் தங்க ரூம் பார்த்துக் கொடுக்கிறான், மாத வாடகை 4,500. விற்பனைப் பிரதிநிதியைத் தீபாவளி கழித்து வரச் சொல்லியிருக்கிறான்.